கடைசி ரொக்கம் 2,20,000 உதைக்கிறது: ரொக்க ஓட்ட அறிக்கையில் என் தப்பு எங்கே?

மதுரை_பிகாம்

எல்லாருக்கும் வணக்கம். பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாளை மறுநாள் மேலாண்மைக் கணக்கியலில் இன்டர்னல். ஒரே ஒரு கணக்கில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கொடுத்திருப்பது இவ்வளவுதான். வரிக்கு முந்தைய லாபம் 5,00,000. அந்த லாபத்துக்குள் தேய்மானம் 1,20,000, கடன் வட்டி 80,000 இரண்டும் செலவாகக் கழிந்திருக்கின்றன. பழைய இயந்திரம் விற்ற லாபம் 30,000 வரவாகச் சேர்ந்திருக்கிறது. கடனாளிகள் 4,00,000இலிருந்து 7,50,000, சரக்கிருப்பு 3,00,000இலிருந்து 4,40,000, கடனீந்தோர் 2,00,000இலிருந்து 2,60,000. கட்டிய வரி 1,10,000. இயந்திரம் தேய்மானம் போக ஆண்டுத் தொடக்கத்தில் 8,00,000, முடிவில் 11,00,000. விற்ற இயந்திரத்தின் ஏட்டு மதிப்பு 70,000, அதை 1,00,000க்கு ரொக்கத்துக்கு விற்றார்கள். வங்கிக் கடன் 5,00,000இலிருந்து 8,00,000 ஆகியிருக்கிறது. வட்டி முழுவதும் கட்டியாகிவிட்டது. பங்காதாயம் 50,000 கொடுத்திருக்கிறார்கள். தொடக்க ரொக்கம் 1,40,000, இறுதி ரொக்கம் 50,000.

நான் போட்டதில் செயல்பாட்டில் 1,60,000 வரவு, முதலீட்டில் 2,00,000 செலவு, நிதி திரட்டலில் 1,70,000 வரவு. மொத்தம் 1,30,000 கூடி, இறுதி ரொக்கம் 2,70,000 என்று வருகிறது. இருக்க வேண்டியது 50,000. எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

இன்டர்_மூன்றாம்_முறை

தங்கச்சி, இது சுலபம். வித்தியாசம் 2,20,000 தானே? தேய்மானம் 1,20,000, இயந்திரம் விற்ற பணம் 1,00,000. கூட்டிப் பாருங்கள், சரியாக 2,20,000. இயந்திரத்தின் இரண்டு மதிப்புகளும் தேய்மானமும் விற்பனையும் போக மிஞ்சியவைதான். அப்படியிருக்க, அவை இரண்டையும் தனியாகவும் எடுத்தால் இரட்டைக் கணக்கு ஆகிவிடும். செயல்பாட்டில் தேய்மானத்தைக் கூட்டாதீர்கள், முதலீட்டில் விற்பனையைக் காட்டாதீர்கள். இறுதி ரொக்கம் 50,000 வந்துவிடும். நான் இப்போதுதான் போட்டுப் பார்த்தேன்.

மதுரை_பிகாம்

அண்ணா, வந்துவிட்டது! செயல்பாடு 40,000, முதலீடு 3,00,000 செலவு, நிதி 1,70,000. மொத்தம் 90,000 குறைவு, இறுதி 50,000. ரொம்ப நன்றி. ஆனால் தேய்மானத்தைக் கூட்ட வேண்டும் என்று வகுப்பில் அத்தனை முறை சொன்னார்களே, அதுதான் இடிக்கிறது.

பழைய_தணிக்கையாளர்

இடிக்கத்தான் செய்யும் அம்மா. அந்த விடையை எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். கடைசி எண் சரி, மூன்று பிரிவுகளில் இரண்டு தப்பு. முப்பது வருடம் தணிக்கையில் இருந்துவிட்டுச் சொல்கிறேன், தணிக்கையில் என்னை அதிகம் ஏமாற்றியது இந்த வகைத் தப்புதான். கீழே எண் பொருந்திவிட்டால் மேலே போய்ப் பார்க்கக் கை வராது.

முதலில் உங்களுடைய பழைய விடைக்கே போவோம். அதில் இருந்தவை இரண்டு தப்புகள், 1,90,000 ஒன்று, 30,000 ஒன்று.

பெரியதை முதலில் எடுப்போம். இயந்திரம் 8,00,000இலிருந்து 11,00,000 ஆனதும், வாங்கியது 3,00,000 என்று எழுதிவிட்டீர்கள். வருடம் முழுக்க அந்தக் கணக்கில் என்ன நடந்தது என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள். கையில் 8,00,000 பெறுமான இயந்திரம். அதில் 70,000 பெறுமானமுள்ள ஒன்று விற்றுப் போனது, மிச்சம் 7,30,000. தேய்மானம் 1,20,000 போனது, மிச்சம் 6,10,000. ஆனால் வருட முடிவில் இருப்பதோ 11,00,000. அப்படியென்றால் புதிதாக வாங்கியது 4,90,000. நீங்கள் எடுத்த 3,00,000க்கும் இதற்கும் வித்தியாசம் 1,90,000. அது 70,000உம் 1,20,000உம் சேர்ந்தது, தற்செயல் இல்லை. இயந்திரக் கணக்கைத் திறக்காமல் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் எப்போதும் ஏட்டு மதிப்பும் தேய்மானமும் சேர்ந்த தொகைதான் உதைக்கும்.

சின்னது அந்த 30,000. இயந்திரம் விற்றதில் கைக்கு வந்தது 1,00,000. அது மொத்தமாக முதலீட்டுப் பிரிவுக்குச் சொந்தம். ஆனால் அதில் 30,000 ஏற்கனவே லாபத்துக்குள் புகுந்து 5,00,000இல் உட்கார்ந்திருக்கிறது. செயல்பாட்டுப் பிரிவு அந்த 5,00,000இல்தான் தொடங்குகிறது. அங்கே 30,000ஐக் கழிக்காவிட்டால் ஒரே பணம் இரண்டு பிரிவிலும் நிற்கும்.

இப்போது சரியாகப் போட்டால்:

```
லாபம்                        5,00,000
தேய்மானம்                   +1,20,000
கடன் வட்டி                    +80,000
இயந்திர விற்பனை லாபம்         -30,000
                             6,70,000
கடனாளிகள் அதிகரிப்பு         -3,50,000
சரக்கிருப்பு அதிகரிப்பு         -1,40,000
கடனீந்தோர் அதிகரிப்பு          +60,000
                             2,40,000
கட்டிய வரி                  -1,10,000
செயல்பாடு                    1,30,000
```

முதலீட்டில் 1,00,000 வரவு, 4,90,000 செலவு, நிகரம் 3,90,000 செலவு. நிதி திரட்டலில் புதுக் கடன் 3,00,000 வரவு, வட்டி 80,000, பங்காதாயம் 50,000 செலவு, நிகரம் 1,70,000 வரவு. 1,30,000இலிருந்து 3,90,000 போய் 1,70,000 கூடினால் 90,000 குறைவு. தொடக்கத்தில் 1,40,000, முடிவில் 50,000.

தம்பி சொன்ன விடையிலும் இதே 50,000தான். ஆனால் அதில் செயல்பாடு 40,000. தன் தொழிலிலிருந்து 1,30,000 சம்பாதித்த நிறுவனத்தை 40,000 சம்பாதித்ததாகக் காட்டுகிறது. 4,90,000க்கு இயந்திரம் வாங்கியதும், பழையதை 1,00,000க்கு விற்றதும் அறிக்கையிலேயே இல்லை.

இன்டர்_மூன்றாம்_முறை

சார், ஒப்புக்கொள்கிறேன். 1,20,000 + 1,00,000 என்று கண்ணில் பட்டதும் தாவிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். தேய்மானம் ரொக்கத்துக்கு ஒரு ஆதாரம் என்றுதானே படித்தோம்? அதனால்தானே கூட்டுகிறோம்?

பழைய_தணிக்கையாளர்

அப்படிச் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே கணக்கில் தேய்மானத்தை 1,20,000க்குப் பதில் 2,20,000 என்று வைத்துப் பாருங்கள். லாபம் 1,00,000 இறங்கி 4,00,000 ஆகிவிடும். தேய்மானத்தைக் கூட்டினால் 6,20,000. முன்பும் 5,00,000 + 1,20,000, அதே 6,20,000. தேய்மானத்தைக் கூட்டியதால் ஒரு பைசாவும் வரவில்லை. பணம் போகாத ஒன்றை லாபத்தில் கழித்திருந்தோம், அந்தக் கழிப்பைத் திரும்ப எடுக்கிறோம், அவ்வளவுதான். வரி குறைவதால் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் வருமான வரிச் சட்டம் தன் சொந்த விகிதத்தில்தான் தேய்மானம் கணக்கிடும், உங்கள் ஏட்டுத் தேய்மானத்தைப் பார்ப்பதில்லை.

திருப்பூர்_பின்னலாடை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் மாணவன் இல்லை, சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். கூகுளில் தேடி இங்கே வந்தேன். ஆடிட்டர் போட்ட கணக்கில் லாபம் காட்டுகிறது, வரியும் கட்டிவிட்டேன், சம்பளத்துக்கு மட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை அலைகிறேன். வங்கியில் எடுத்துக் கட்டும் சிசி கடன் லிமிட் எப்போதும் விளிம்பில்தான் இருக்கிறது. இந்த அறிக்கையைப் போட்டுப் பார்த்தால் லிமிட்டைக் கூட்டித் தருவார்களா?

பழைய_தணிக்கையாளர்

வங்கி என்ன செய்யும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் பணம் எங்கே போய் நிற்கிறது என்று தெரியும். மேலே அந்தப் பெண்ணின் கணக்கையே உங்கள் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள். 6,70,000 வரை எல்லாம் நன்றாகத்தான் போகிறது. அடுத்த வரியில் கடனாளிகள் மட்டும் 3,50,000ஐ விழுங்கிவிடுகிறார்கள், சரக்கு 1,40,000ஐ. விற்றதாகக் கணக்கில் எழுதி, லாபமும் பார்த்து, வரியும் கட்டியாயிற்று, பார்ட்டி இன்னும் பணம் தரவில்லை. மிச்சம் 1,30,000. அதை வைத்துக்கொண்டு 4,90,000க்கு இயந்திரம் வாங்கினால் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும். 3,00,000 கடன் வாங்கியும் கையிருப்பு 90,000 கரைந்தது.

லிமிட்டைக் கூட்டினால் நிதிப் பிரிவில் வரவு ஏறும். கடனாளிகள் வரிசையில் எதுவும் மாறாது. மறுவருடம் வட்டி மட்டும் கூடும்.

மதுரை_பிகாம்

சார், சிசி என்று அவர் சொன்னதும் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் புத்தகத்தில் ஒரு கணக்கில் மேல்வரைப்பற்றை, அதாவது வங்கி ஓவர்டிராஃப்டை, நிதிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். என் தோழியின் புத்தகத்தில் ரொக்கத்திலிருந்தே கழித்திருக்கிறார்கள். எது சரி?

பழைய_தணிக்கையாளர்

இரண்டு புத்தகமும் எந்தத் தரநிலையைப் பார்த்து எழுதியவை என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் ஏஎஸ் 3இன்படி போடும்போது மேல்வரைப்பற்றையும் சிசியையும் குறுகிய காலக் கடனாகவே எடுத்து, கூடினது குறைந்தது இரண்டையும் நிதிப் பிரிவில் காட்டுவதுதான் வழக்கம். இன்னொரு இந்தியத் தரநிலையான இந்த் ஏஎஸ் 7 ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது. கேட்டவுடன் திருப்பிக் கட்ட வேண்டியதாகவும், நிறுவனத்தின் அன்றாட ரொக்க நிர்வாகத்தோடு பிரிக்க முடியாததாகவும் இருந்தால் அந்த மேல்வரைப்பற்றை ரொக்கத்தோடு சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம். அதற்கு அடையாளம், கணக்கு ஒரு மாதம் பற்றிலும் ஒரு மாதம் வரவிலும் மாறி மாறி நிற்பது. திருப்பூர்க்காரர் சிசி போல எப்போதும் விளிம்பிலேயே நிற்கும் கணக்கு அப்படிப்பட்டது இல்லை. அது கடன்தான்.

தேர்வில் எந்தத் தரநிலை என்று சொல்லாவிட்டால் நிதிப் பிரிவில் போட்டு, ஒரு வரி குறிப்பு எழுதுங்கள்.

வடமராட்சி_உயர்தரம்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், உயர்தரத்தில் கணக்கீடு படிக்கிறேன். எங்களுக்கு இதன் பெயர் காசுப் பாய்ச்சல் கூற்று. தேய்மானத்தைப் பெறுமானத்தேய்வு என்போம். மேலே இருக்கிற கணக்கை எங்கள் முறையில் செய்து பார்த்தேன், எனக்குத் தொழிற்பாட்டில் 50,000தான் வந்தது. வட்டி 80,000ஐ நாங்கள் அங்கேயே கழித்துவிடுவோம். அப்போ நிதியிடலில் 2,50,000 வரும். ஐயா, நான் பிழையாகச் செய்துவிட்டேனா?

பழைய_தணிக்கையாளர்

பிழை இல்லை தம்பி. சர்வதேசத் தரநிலை ஐஏஎஸ் 7 இதில் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. செலுத்திய வட்டியைத் தொழிற்பாட்டிலும் காட்டலாம், நிதியிடலிலும் காட்டலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வருடா வருடம் அதையே பின்பற்ற வேண்டும். உங்கள் ஊரில் அதை அடிப்படையாகக் கொண்ட எல்கேஏஎஸ் 7. இந்தியத் தரநிலைகள் அந்த விருப்பத்தை எடுத்துவிட்டன. வங்கி போன்ற நிதி நிறுவனம் அல்லாத மற்றவர்களுக்குச் செலுத்திய வட்டி நிதிப் பிரிவு, பெற்ற வட்டியும் பங்காதாயமும் முதலீட்டுப் பிரிவு. அமெரிக்காவில் போனால் செலுத்திய வட்டி செயல்பாட்டில்தான்.

ஆக ஒரே நிறுவனம், ஒரே வருடம், செயல்பாட்டில் ஒருவருக்கு 1,30,000, இன்னொருவருக்கு 50,000. இரண்டு நாட்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது முதலில் வட்டி எங்கே போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் மேற்கொண்டு படிப்பேன். 2027 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற சர்வதேசத் தரநிலை பெரும்பாலான நிறுவனங்களுக்கு இந்த விருப்பத்தை நீக்கிவிடுகிறது, செலுத்திய வட்டி நிதியிடலுக்குப் போய்விடும்.

வடமராட்சி_உயர்தரம்

நன்றி ஐயா. ஆனால் எங்கள் பரீட்சைக்கு ஆசிரியர் சொன்னபடியே செய்கிறேன், புள்ளி முக்கியம்.

இன்டர்_மூன்றாம்_முறை

சரி சார், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசி ரொக்கம் ஒன்றுதான் என்றால், எந்தப் பிரிவில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பரீட்சை மதிப்பெண்ணைத் தவிர?

பழைய_தணிக்கையாளர்

வேர்ல்டுகாம் என்று ஒரு அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம். மற்ற நிறுவனங்களின் தடங்களைப் பயன்படுத்தியதற்காக அவர்களுக்குக் கட்டிய கட்டணம் அதன் அன்றாடச் செலவு. நம் பேருந்து முதலாளிக்கு டீசல் எப்படியோ அப்படி. அதைச் செலவில் எழுதாமல் சொத்து வாங்கியதாக எழுதினார்கள். 2002 ஜூனில் நிறுவனமே வெளியே சொன்ன தொகை சுமார் 380 கோடி டாலர்.

இதில் வங்கியில் இருந்த பணத்தை யாரும் கூட்டிக் காட்டத் தேவையே வரவில்லை. பணம் நிஜமாகவே வெளியே போனது, இறுதி ரொக்கம் பொருந்தியது. செலவு குறைந்ததால் லாபம் ஏறியது. செயல்பாட்டுப் பிரிவில் போக வேண்டிய பணம் முதலீட்டுப் பிரிவில் போனதால், தொழில் நன்றாகப் பணம் கறக்கிறது, நிறுவனம் விரிவாக்கத்தில் தாராளமாகப் போடுகிறது என்று படிப்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். விஷயம் வெளிவந்த அடுத்த மாதமே நிறுவனம் திவாலுக்கு மனுப் போட்டது.

தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தை மட்டும் பார்த்தவர்களும், செயல்பாட்டுப் பிரிவை மட்டும் பார்த்தவர்களும் ஏமாந்தார்கள். செயல்பாட்டையும் முதலீட்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் மொத்தம் மாறவில்லை என்பது தெரிந்திருக்கும்.

திருப்பூர்_பின்னலாடை

இப்போது எனக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. போன வருடம் ஒரு பின்னல் மெஷின் வாங்கினேன். கடன் பணம் என் கணக்குக்கு வரவே இல்லை, வங்கியே நேராக மெஷின் கம்பெனிக்கு அனுப்பிவிட்டது. அது எந்தப் பிரிவு?

இன்டர்_மூன்றாம்_முறை

இது எனக்குத் தெரியும் அண்ணா. ரொக்கம் கைமாறாத பரிவர்த்தனை. கடன் ஏறியது, சொத்து ஏறியது, உங்கள் ரொக்கம் அசையவில்லை. அறிக்கையில் வராது, குறிப்பில் மட்டும் சொல்ல வேண்டும்.

பழைய_தணிக்கையாளர்

இந்த முறை தம்பியைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் அப்படிப் போடுவதில்லை. விற்றவரிடமே தவணைக்கு வாங்கியிருந்தால் தம்பி சொன்னதுதான், அங்கே ரொக்கம் இல்லவே இல்லை. இங்கே வங்கி ரொக்கம் கொடுத்திருக்கிறது, உங்கள் சொல்லின்படி, உங்கள் சார்பாக. நிதிப் பிரிவில் வரவு, முதலீட்டில் செலவு என்று இரண்டு பக்கமும் காட்டுவது எனக்குச் சரியாகப் படுகிறது. இல்லாவிட்டால் மெஷின் வாங்கியதே அறிக்கையில் தெரியாது, அடுத்த வருடம் தவணை கட்டும்போது வாங்காத கடனைத் திருப்புவது போல நிற்கும்.

இன்டர்_மூன்றாம்_முறை

ஆனால் சார், ரொக்க அறிக்கையில் தன் கைக்கு வராத பணத்தை எப்படிக் காட்டுவது? எங்கள் கோச்சிங்கில் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள்.

பழைய_தணிக்கையாளர்

தெரியும். என் கூட்டாளிக்கும் எனக்கும் இதே விஷயத்தில் வருடா வருடம் மார்ச் முடிந்ததும் ஒரு சண்டை நடக்கும். அவர் கையெழுத்துப் போடும் கோப்பில் அவர் முறை, என்னுடையதில் என் முறை. எப்படிப் போட்டாலும் குறிப்பில் எழுதிவிடுவோம்.

மதுரை_பிகாம்

நான் மறுபடி முதலிலிருந்து போட்டேன். இந்த முறை விடையைப் பார்க்காமல், இயந்திரக் கணக்கைத் தனியாகப் போட்டு 4,90,000 எடுத்தேன். 1,30,000, 3,90,000, 1,70,000 வந்துவிட்டது. வேண்டுமென்றே விற்பனையை 50,000க்கு, அதாவது 20,000 நஷ்டத்துக்கு மாற்றியும் பார்த்தேன். லாபம் 4,50,000 ஆனது, நஷ்டம் 20,000ஐக் கூட்டினேன், செயல்பாடு அதே 1,30,000தான். முதலீடு மட்டும் 4,40,000 செலவாக மாறியது. கையிருப்புதான் சரியாகப் பூஜ்யமாகிவிட்டது, பாவம் அந்த நிறுவனம்.

பழைய_தணிக்கையாளர்

அதுதான் அம்மா. இயந்திரம் என்ன விலைக்குப் போனாலும் செயல்பாட்டுப் பிரிவு அசையக் கூடாது. அசைந்தால் எங்கோ விற்பனை லாப நஷ்டத்தை எடுக்க மறந்திருக்கிறீர்கள்.

திருப்பூர்_பின்னலாடை

ஆடிட்டர் ஆபீஸில் கடனாளிகள் பட்டியலை வாங்கிவிட்டேன். மூன்றே பார்ட்டிகள் பெயரில் பாதிக்கு மேல் நிற்கிறது. அதில் ஒருவர் என் சம்பந்தி.